எண்ணூரிலிருந்து நந்தி மலை வரை: 43-ஆ, 44-ஆ, இரண்டுமா?

வட சென்னைக்குள்ளேயே முடிகிற வரைபட வேலைக்கு எந்த யுடிஎம் மண்டலம் என்று யோசிக்க ஒன்றுமில்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை, மணலி, எண்ணூர் எல்லாம் தீர்க்கரேகை 80.2 முதல் 80.35 டிகிரிக்குள் அடங்கிவிடும். யுடிஎம் என்பது பூமியை ஆறு டிகிரிப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை. அதில் 44 வடக்கு மண்டலம் 78 டிகிரியில் தொடங்கி 84-ல் முடிகிறது, அதன் மைய தீர்க்கரேகை 81. நாம் அதற்கு ஒரு டிகிரிக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறோம். மென்பொருளில் அந்த மண்டலத்தின் குறியீடான EPSG:32644 என்று போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு `int((lon + 180) / 6) + 1`. கடைசி `+ 1` விட்டுப்போனால் எண்ணூர் 43-ல் போய் விழும். அப்படி விழுந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. 44-ல் எண்ணூரின் கிழக்கு எண், அதாவது கிழக்கு மேற்காக அளக்கும் மீட்டர் கணக்கு, சுமார் 4,26,000. 43-ல் கணக்கிட்டால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். கிழக்கு எண்ணில் ஏழு இலக்கம் வந்தாலே மண்டலம் தப்பு.

சிக்கல் ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போகும்போதுதான் வருகிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைத் தொடுவது கொசஸ்தலையாறு. அதற்குக் காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி வருகிறது. அந்த ஏரிக்குத் தண்ணீர் பாலாறு அணைக்கட்டிலிருந்து. பாலாறோ கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி வழியாக நம் பக்கம் வருகிறது. ஆகவே எண்ணூர் வெள்ளத்துக்கு மேல்நிலத்தையும் சேர்த்து ஒரே படமாகச் செய்ய முடிவெடுத்தபோது எங்கள் எல்லை 77.6 டிகிரி வரை நீண்டது. 78 டிகிரிக் கோடு கோலாருக்குச் சற்று மேற்கே ஓடுகிறது. அதற்கு அந்தப் பக்கம் 43 வடக்கு மண்டலம், EPSG:32643.

முன்னால் மூன்று வழிகள் இருந்தன. 44-ஐயே மேற்கே நீட்டுவது. கோட்டில் வெட்டி ஒவ்வொரு பாதியையும் அதனதன் மண்டலத்தில் வைப்பது. இரண்டையும் விட்டுவிட்டு 79 டிகிரியை மையமாக வைத்து நமக்கென்று ஒரு வீழ்ப்பு எழுதிக்கொள்வது. நாங்கள் 44-ஐ நீட்டினோம். இன்றைக்கு யார் கேட்டாலும் அதையே சொல்வேன். காரணம் ஒன்றுதான், இரண்டு மண்டலத்தையும் ஒட்டும் இடத்தில் விழும் தையல்.

இரண்டு மண்டலமாக வெட்டினால் காகிதத்தில் அழகாகத்தான் தெரியும். புள்ளிகளுக்கும் கோடுகளுக்கும் அதனால் பெரிய பாதகமில்லை. பிக்சல்களால் ஆன ராஸ்டரில்தான் வினை. யுடிஎம் கட்டத்தின் வடக்கு, மைய தீர்க்கரேகையில் மட்டும் உண்மையான வடக்கோடு ஒத்துப்போகும். விலக விலகத் திரும்பும். நம் அட்சரேகையில், மண்டல ஓரத்தில், அந்தத் திருப்பம் 0.67 டிகிரி. 43-ன் கிழக்கு ஓரத்தில் ஒரு பக்கம் திரும்பியிருக்கும், 44-ன் மேற்கு ஓரத்தில் எதிர்ப்பக்கம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கட்டங்களுக்கு நடுவே 1.35 டிகிரிக் கோணம்.

கேட்பதற்குச் சின்ன எண். தரையின் உயரத்தைப் பிக்சல் பிக்சலாகச் சொல்லும் ஒரு 30 மீட்டர் டெம்மில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு கட்டத்தை இன்னொன்றின் மேல் பொருத்தும்போது, ஏறத்தாழ 42 பிக்சலுக்கு ஒருமுறை வரிசை ஒரு பிக்சல் தள்ளிப் போகிறது. அதாவது ஒன்றே கால் கிலோமீட்டருக்கு ஒரு படி. அருகிலுள்ள பிக்சலை அப்படியே எடுக்கும் முறையில் மாற்றினால் அந்தப் படிகள் உயரத்திலும் பதிந்துவிடும். சாய்வு கணக்கிட்டால் ஒழுங்கான இடைவெளியில் கோடு கோடாகத் தெரிவது இதுதான். நிலத்தில் அப்படி எதுவும் கிடையாது.

அதைவிட மோசம், வெட்டிய விளிம்பில் விழும் வெற்றுப் பிக்சல்கள். திரும்பிய ஒரு செவ்வகத்தை இன்னொரு செவ்வகத்தோடு ஒட்டும்போது ஓரத்தில் ஆப்பு வடிவில் இடைவெளி வரும். நீரோட்டக் கருவிகள் பொதுவாக வெற்றுப் பிக்சலைப் படத்தின் முடிவு என்றே எடுத்துக்கொள்ளும், தண்ணீர் அங்கே வெளியேறிவிட்டதாகக் கணக்கு வைக்கும். மேற்கே சேர்ந்த நீர் கோலார் பக்கம் வரவே வராது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனை போதும். நீர்ப்பிடிப்பின் எல்லையைப் பாருங்கள். மலை முகடு வளைந்து வளைந்துதான் போகும். எல்லை 78 டிகிரியை ஒட்டி நேர்க்கோடாக இறங்கினால் அது தையல், முகடு இல்லை. அப்புறம், கோட்டைத் தாண்டும் ஏதாவது ஒரு ஓடையில் இரு பக்கமும் நீர்ச்சேர்க்கை எண்ணைச் சொடுக்கிப் பாருங்கள். கீழே போகப் போகக் கூட வேண்டிய எண் சட்டென்று பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

44-ஐ நீட்டினால் இந்தத் தையலே இல்லை. எஸ்ஆர்டிஎம், கோப்பர்நிக்கஸ் டெம் இரண்டும் ஒரு டிகிரித் துண்டுகளாக, அட்சரேகை தீர்க்கரேகையிலேயே கிடைக்கின்றன. அந்த நிலையிலேயே எல்லாத் துண்டுகளையும் ஒட்டிவிட வேண்டும். ஒட்டிய பிறகு ஒரே ஒருமுறை மாற்ற வேண்டும்.

```
gdalbuildvrt dem.vrt *.tif
gdalwarp -t_srs EPSG:32644 -tr 30 30 -tap -r bilinear dem.vrt dem_44n.tif
```

வரிசைதான் முக்கியம். துண்டு துண்டாக மாற்றிவிட்டு அப்புறம் ஒட்டினால் ஒரே மண்டலத்துக்குள்ளேயும் சின்னச் சின்னத் தையல்கள் வரும். `-tap` போடுவதால், பின்னால் சேர்க்கும் ராஸ்டர்களையும் அதே கட்டத்தில் உட்கார வைக்கலாம். உயரத்துக்கு `bilinear` சரி. நிலப்பயன்பாடு மாதிரி வகை எண்கள் என்றால் `near` போடுங்கள், `bilinear` போட்டால் ஏரிக்கும் ஊருக்கும் நடுவில் இல்லாத ஒரு வகை முளைக்கும்.

சரி, மண்டலத்தை விட்டு வெளியே போனால் அளவு கெட்டுவிடாதா? கெடும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. எண்ணூரில் அளவுக் காரணி 0.99967. அதாவது தரையில் ஒரு கிலோமீட்டர் படத்தில் 33 சென்டிமீட்டர் குறைவாக வரும். 78 டிகிரிக் கோட்டில் 91 சென்டிமீட்டர் கூடுதல். அது மண்டலத்துக்கு உள்ளேயே, முறைப்படி ஏற்கப்பட்ட பிழை. நந்தி மலை அதற்கும் 35 கிலோமீட்டர் மேற்கே, 77.68-ல். அங்கே கிலோமீட்டருக்கு 1.2 மீட்டர் கூடுதல். பரப்பளவில் பார்த்தால் 100 ஹெக்டேர் ஏரி 100.24 ஹெக்டேராக வரும். 30 மீட்டர் பிக்சலில் ஏரிக் கரையை எங்கே வரைவது என்பதிலேயே இதைவிடப் பல மடங்கு தடுமாற்றம் இருக்கிறது.

அந்தக் கால் சதவீதமும் வேண்டாம் என்றால் கியூஜிஐஎஸ்ஸில் `$area` பயன்படுத்துங்கள். ப்ராஜெக்டில் எலிப்சாய்டு WGS84 என்று இருந்தால் அது பூமியின் வளைவின் மேலேயே பரப்பைக் கணக்கிடும், வீழ்ப்பின் பிழை அதில் சேராது. `area($geometry)` தட்டையான படத்தில் அளக்கும். ஒரே ஏரிக்கு இரண்டையும் போட்டுப் பார்த்தால் இங்கே சொன்ன வித்தியாசம் கண்ணால் தெரியும்.

செயற்கைக்கோள் படங்களைத் தருபவர்களும் மண்டலக் கோட்டில் படத்தை வெட்டுவதில்லை. லாண்ட்சாட் காட்சியின் மையம் எந்த மண்டலத்தில் விழுகிறதோ, முழுக் காட்சியும் அந்த மண்டலத்திலேயே வரும். சென்டினல்-2 வேறு மாதிரி, பெயரிட்ட சதுரங்களாக வரும். சென்னை 44PMV என்ற சதுரம், நந்தி மலை 43PGQ. கோட்டை ஒட்டிய நிலம் சில இடங்களில் இரண்டு மண்டலச் சதுரங்களிலும் கிடைக்கும். இரு மண்டல வழியில் போனால் அந்த இடத்து ஏரிகள் இரண்டு முறை எண்ணப்படும். கூட்டுத்தொகையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

மூன்றாவது வழியைக் குறைத்துச் சொல்ல மனமில்லை. 79 டிகிரி மையம், அளவுக் காரணி 0.99986 என்று ஒரு குறுக்கு மெர்கேட்டர் எழுதினால், எண்ணூர் முதல் நந்தி மலை வரை எங்கேயும் பிழை கிலோமீட்டருக்கு 15 சென்டிமீட்டரைத் தாண்டாது. தையலும் இல்லை.

```
+proj=tmerc +lat_0=0 +lon_0=79 +k=0.99986 +x_0=500000 +y_0=0 +datum=WGS84 +units=m
```

கணக்காக மட்டும் பார்த்தால் இதுதான் சிறந்தது. ஆனால் இதற்கு EPSG எண் கிடையாது. கோப்பை யாருக்கு அனுப்பினாலும் இந்த வரியும் கூடவே போக வேண்டும். `.prj` கழன்றுபோன ஒரு ஷேப் கோப்பைத் திறப்பவர், கிழக்கு எண் ஆறு இலக்கமாக இருப்பதைப் பார்த்து 44 என்றுதான் நினைப்பார். எண்ணூர் இரண்டு டிகிரி கிழக்கே, நடுக்கடலில் போய் நிற்கும். எங்கள் வேலையில் தரவு பல கை மாறுகிறது. மணலியில் கால்வாய் அளப்பவர்களின் புள்ளிகள் எல்லாம் ஏற்கனவே 44-ல் இருக்கின்றன. 15 சென்டிமீட்டருக்காக அவ்வளவு பேரையும் மாறச் சொல்ல என்னால் முடியவில்லை. தரவு ஒரே மேசையை விட்டு நகராது என்றால் என் பதிலே மாறும்.

இரு மண்டல வழிக்கும் ஓர் இடம் உண்டு. கர்நாடகப் பக்கத்தைத் தனியாகவும் நம் பக்கத்தைத் தனியாகவும் ஆராய்ந்து, தாலுகா வாரியாக அட்டவணைகளை மட்டும் பக்கத்தில் வைப்பது என்றால், தாராளமாக 43-ம் 44-மாக வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் கோட்டைத் தாண்டி ஓடுகிற எந்தக் கணக்குக்கும் அது ஆகாது.

44-ஐ நீட்டுபவர்கள் களத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையில் வைத்திருக்கும் ஜிபிஎஸ் கருவிகள் யுடிஎம்மில் இருந்தால் மண்டலத்தைத் தானாக மாற்றிக்கொள்ளும். கோலாரைத் தாண்டி மேற்கே போகும்போது கிழக்கு எண் 1,74,000 பக்கம் இறங்கி, அடுத்த நொடியே 8,25,000-க்குத் தாவும், பக்கத்தில் 44P என்பது 43P ஆகும். குறிப்பேட்டில் எண்ணை மட்டும் எழுதினால் எந்த மண்டலம் என்று பிறகு தெரியாது. “அண்ணே, நந்தி மலை வங்கக் கடல்ல நிக்குது” என்று எங்கள் களப் பையன் ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினார். 43-ல் நந்தி மலை 7,90,000. அதே எண்ணை 44 என்று படித்தால் ஆறு டிகிரி கிழக்கே, 83.68-ல் விழும். களத்தில் கருவியை டிகிரி தசமத்தில் வைத்துவிடுங்கள், மேசைக்கு வந்த பிறகு 32644-க்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஏற்கனவே 43-ல் வந்த கோப்பு என்றால், அதற்கு 32643 என்ற அடையாளம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு `Reproject layer` கொடுங்கள். `Assign projection` எண்களைத் தொடாது, பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும். மலை கடலுக்குப் போவதற்கு இன்னொரு வழி அது.

எவ்வளவு தூரம் நீட்டலாம்? ஒரு டிகிரி வெளியே போய் 77-ல் நின்றால் கிலோமீட்டருக்கு 1.9 மீட்டர், பரப்பில் 0.4 சதவீதம். ஆற்றுப்படுகை வேலைக்கு அதையும் ஏற்பேன், ஆனால் நான் நீட்டியது 0.4 டிகிரிதான், அதற்கு மேல் கணக்கை நம்பிச் சொல்கிறேன். மனை அளவு, பாலம், குழாய்ப் பதிப்பு என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். அங்கே மண்டலத்துக்கு உள்ளே வரும் 91 சென்டிமீட்டரே அதிகம், அந்த இடத்துக்கென்று தனி வீழ்ப்பு எழுதித்தான் ஆக வேண்டும்.