தாம்பரம் டு கிண்டி: எலக்ட்ரிக் ட்ரெயினா, வண்டியா? ஒரு மாச கணக்கு

வீடு மேற்கு தாம்பரம், ஆபீஸ் கிண்டி எஸ்டேட் உள்ள. ஆபீஸ்ல டீ குடிக்கிறப்ப வாரம் ஒரு தடவையாவது இந்த சண்டை வந்துடும். "வண்டில வந்தா முக்கா மணி நேரம், நீங்க ஏன் சார் ட்ரெயின்ல கூட்டத்துல நசுங்குறீங்க"ன்னு ஒருத்தர், "ட்ரெயின்தான் தம்பி கரெக்ட் டைம்"னு இன்னொருத்தர். ரெண்டு பேருமே அவங்கவங்களுக்கு ஞாபகம் இருக்குற ஒரு நல்ல நாளை வெச்சுதான் பேசுறாங்கன்னு தோணுச்சு. அதனால ஐப்பசி மாசம் நாலு வாரம் நானே எழுதி வெச்சேன், ஒத்தைப்படை தேதில ட்ரெயின், ரெட்டைப்படை தேதில ஸ்கூட்டர். எங்களுக்கு சனிக்கிழமையும் ஆபீஸ், ஆக 24 நாள், ஆளுக்கு 12. இப்படி பிரிச்சதுல ஒரு வசதி, நாலு திங்கள்ல ரெண்டு ட்ரெயினுக்கும் ரெண்டு வண்டிக்கும் தானா போயிடும், சனிக்கிழமையும் அப்படித்தான். இல்லன்னா ஈசியான நாளெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துடும், அப்புறம் கணக்குக்கு அர்த்தமே இல்ல.

டைம் எடுத்தது வீட்டு கேட்டுலேர்ந்து ஆபீஸ் சேர் வரைக்கும். இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, ட்ரெயின்ல 28 நிமிஷம்தான்னு சொல்லுவாங்க, ஸ்டேஷனுக்கு நடக்குற 12 நிமிஷம், பிளாட்பாரத்துல நிக்குறது, கிண்டில இறங்கி படி ஏறி எஸ்டேட்டுக்கு நடக்குறது எதையும் சேக்க மாட்டாங்க. வண்டிக்காரங்களும் அப்படித்தான், ஹெல்மெட் தேடுறது, பார்க்கிங்ல இடம் பாக்குறது, பங்க்ல நிக்குறது எல்லாம் கணக்குல வராது.

காலை நேரம் மட்டும் சொல்றேன். ட்ரெயின் 12 நாள்ல 10 நாள் 57லேர்ந்து 63 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுது. ஒரு நாள் 71, அது என் தப்பு, பிளாட்பாரம் மாறி நின்னுட்டு ஒரு ட்ரெயின விட்டேன். ஒரு நாள் செம மழை, எல்லா ட்ரெயினும் மெதுவா ஊர்ந்து வந்துச்சு, 96. ஸ்கூட்டர்ல பாத்தா குறைஞ்சது 44, அதிகபட்சம் 84, நடுவுல எங்க வேணா இருக்கும், 47, 52, 58, 61ன்னு ஒரு ஒழுங்கே இல்ல. 44, 46 ரெண்டும் சனிக்கிழமை. ரெண்டு திங்கக்கிழமையும் 66, 72. ஊருக்கு போன ஜனமெல்லாம் திரும்பி வர்ற காலை அது, ஜிஎஸ்டி ரோட்டுல குரோம்பேட்டைலேர்ந்தே நத்தை மாதிரிதான் போகும், பல்லாவரம் தாண்டி ஏர்போர்ட் கிட்ட கொஞ்சம் மூச்சு விட்டா கத்திப்பாரா முன்னாடி மறுபடி நின்னுடும். 84 வந்தது மழை நாள்.

இப்ப சராசரி போட்டா ட்ரெயின் 64 நிமிஷம், வண்டி 57. ஏழு நிமிஷம் லாபம், மாசத்துக்கு காலைல மட்டுமே ரெண்டே முக்கா மணி நேரம் மிச்சம், வண்டில வர்ற தம்பி ஜெயிச்ச மாதிரிதான் இருக்கு. ஆனா எனக்கு 9.30க்கு பஞ்ச் பண்ணணும், சராசரிய வெச்சு வீட்டை விட்டு கிளம்ப முடியாதே. 57 நிமிஷம்னு நம்பி 8.33க்கு கிளம்புனா அந்த 12 நாள்ல 5 நாள் லேட். சரி, 12ல 10 நாளாவது நேரத்துக்கு போகணும்னா எத்தனை நிமிஷம் ஒதுக்கணும்னு பாத்தேன், ட்ரெயினுக்கு 63, வண்டிக்கு 66. 11 நாள்னா 71, 72. அவ்ளோதான், அந்த ஏழு நிமிஷ லாபம் காணாமப் போச்சு! வண்டில சீக்கிரம் போன நாளெல்லாம் என்ன பண்ணேன்னா ஆபீஸ் வாசல்ல 20 நிமிஷம் சும்மா நின்னு டீ குடிச்சேன். மிச்சம் பண்ண நேரம் எனக்கு தேவைப்படாத இடத்துல வந்து விழுந்துச்சு.

இன்னொரு வித்தியாசம், ட்ரெயின் கெட்டா மொத்தமா கெடும், அன்னிக்கு நம்ம கைல ஒண்ணும் இல்ல, ஆனா எல்லாரும் லேட்டுங்கறதால மேனேஜரும் கேக்க மாட்டார். வண்டி தினமும் கொஞ்சம் கொஞ்சமா கெடும், 12 நிமிஷம் லேட்டா போயிட்டு டிராபிக்னு சொன்னா யாரு நம்புவா?

காசு விஷயம் சட்டுனு முடிஞ்சிடும். வண்டி ஒரு வழி 17 கிலோமீட்டர், 24 நாளும் போனா 816. டேங்க் ஃபுல் பண்ணி மறுபடி ஃபுல் பண்ணி பாத்ததுல மைலேஜ் 40தான், கம்பெனி சொல்றது நின்னு நின்னு போற ரோட்டுக்கு இல்ல. 20 லிட்டர் சொச்சம், லிட்டர் 101னு வெச்சா 2,060. ஆயில், பிரேக் ஷூ, டயர் தேய்மானம் எல்லாத்துக்கும் கிலோமீட்டருக்கு 50 பைசா வெச்சேன், இன்னொரு 400. இன்சூரன்ஸ சேக்கல, ஏன்னா வண்டிய வீட்டுல நிறுத்தி வெச்சாலும் அத கட்டித்தான் ஆகணும். ஆக 2,460. ட்ரெயின் ஒரு தடவைக்கு 5 ரூபா, தினம் எடுத்தாலே மாசம் 240, மழைலயும் லேட்டான ராத்திரியும் ஷேர் ஆட்டோ ஆறு தடவை, ஒரு 120. மொத்தம் 360. சீசன் எடுத்தா இன்னும் குறையும், க்யூவும் இல்ல. ஆனா சீசன் காலண்டர் கணக்கு, லீவு நாளும் அதுல ஓடிடும், வாரத்துக்கு ரெண்டு மூணு நாள்தான் ஆபீஸ்னா பெருசா லாபம் நிக்காது. 2025 ஏப்ரல்ல வந்த ஏசி ட்ரெயின்ல மினிமம் டிக்கெட்டே 35, அதுல தினமும் போனா இந்த கணக்கே வேற.

தாம்பரத்துக்காரங்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கு, இங்கேர்ந்தே கிளம்புற ட்ரெயின். செங்கல்பட்டுலேர்ந்து வர்றது ஏற்கனவே நிரம்பித்தான் வரும், அதுல முண்டியடிக்காம அடுத்து இங்க காலியா நிக்கறதுல ஏறுனா சீட் கிடைக்கும், 28 நிமிஷம் கண்ண மூடலாம். நாலு நாள் போனதும் கிண்டில எந்த பெட்டி படிக்கு நேரா நிக்கும்னு தெரிஞ்சிடும், அத பாத்து ஏறுங்க. தப்பான பெட்டில இறங்குனா அந்த கூட்டத்துக்கு பின்னாடி படி ஏறவே மூணு நாலு நிமிஷம் போயிடும், நான் ஒரு நாள் கடிகாரம் பாத்தே எண்ணினேன். சாயங்காலம் இந்த சொகுசு கிடையாது, கிண்டில ஏறுறப்ப நிக்கவே இடம் இருக்காது, பல்லாவரம் வரைக்கும் பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டுதான் நிக்கணும். முட்டி வலி இருக்கவங்களுக்கு இது மட்டுமே போதும் வண்டிய தேர்ந்தெடுக்க, அத நான் தப்பு சொல்ல மாட்டேன்.

ஆபீஸ் ஸ்டேஷன்லேர்ந்து ரெண்டு கிலோமீட்டருக்கு மேல உள்ள இருந்தா என் கணக்கு செல்லாது, ரெண்டு பக்கமும் ஆட்டோன்னு ஆனா ட்ரெயினோட நேரமும் ஆடும், காசும் ஏறும். ஞாயித்துக்கிழமை வேலை இருக்கவங்களும் யோசிங்க, மெயின்டனன்ஸ்னு சர்வீஸ் குறைப்பாங்க, முன்னாடி நாளே அறிவிப்பு பாத்துக்கணும்.

நான் இப்ப திங்கள் டு வெள்ளி ட்ரெயின், சனிக்கிழமை மட்டும் ஸ்கூட்டர். நாலு சனிக்கு பெட்ரோலும் தேய்மானமும் சேத்து 411, ட்ரெயின் 200, ஆட்டோவோட மாசம் எழுநூறு சொச்சம். 8.25க்கு கிளம்புறேன். டீ ஆபீஸ் உள்ளதான், தம்பி இன்னும் முக்கா மணி நேரம்னுதான் சொல்லிட்டு இருக்கான், பாதி நாள் அவன் டீ ஆறிப்போய் இருக்கும் அவன் வர்றதுக்குள்ள.