குறுக்கே எடுத்து நெட்டுவாக்கில் வெட்டுவது: மண்டபம் கடற்கரையில் நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

மண்டபம், பாம்பன் பக்கம் பாசி வளர்க்கும் பெண்கள் குழுக்களுக்கும் கருவாட்டு வியாபாரிகளுக்கும் வீடியோ எடுத்துக் கொடுப்பது என் தொழில். ஒவ்வொரு வீடியோவும் இரண்டு இடத்தில் ஓடியாக வேண்டும். ஒன்று கைபேசி: வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ரீல்ஸ். இன்னொன்று கூட்டம் நடக்கும் சமுதாயக் கூடத்தில் மாட்டியிருக்கிற டிவி. காற்று எழும்புவதற்குள் தண்ணீரில் இறங்கி ஏற வேண்டிய வேலை என்பதால், ஒரே காட்சியை இரண்டு தடவை எடுக்க யாரும் காத்திருக்க மாட்டார்கள். அதனால் 4கே தரத்தில் குறுக்குவாக்கில் எடுத்து, நடுப்பகுதியை நெட்டுவாக்கில் வெட்டிக்கொள்ளும் முறையைத்தான் பல வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் 4கே ஏன் என்று பார்ப்போம். 3840×2160 அளவுள்ள 16:9 ஃபிரேமின் நடுவில் 9:16 நெட்டுத் துண்டு வெட்டினால் கிடைப்பது 1215×2160. ரீல்ஸுக்குத் தேவை 1080×1920. ஆக, சுருக்கத்தான் போகிறோம், படம் கூர்மையாகவே இருக்கும். அதையே 1920×1080-ல் எடுத்திருந்தால் வெட்டிய துண்டின் அகலம் சுமார் 608 பிக்சல் புள்ளிதான். அதை ஏறக்குறைய 1.8 மடங்கு இழுத்துப் பெரிதாக்க வேண்டும். முகம் ஓரளவுக்குத் தாங்கும். வலைக்கண்ணும், தண்ணீரில் மினுங்கும் வெயிலும் தாங்காது, குழைந்துவிடும். நம்ம ஊரில் எந்தக் காட்சியில்தான் அந்த இரண்டும் இல்லை?

நேரடியாக நெட்டுவாக்கிலேயே எடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கைபேசிக்கு மட்டும் என்றால் தாராளமாக எடுக்கலாம். டிவியில் போட்டால் திரை அகலத்தில் 32 சதவீதம்தான் நிரம்பும், மீதி கறுப்பு. கைபேசியை நிமிர்த்தி எடுத்த கோப்பில் ‘திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பு மட்டும்தான் பெரும்பாலும் இருக்கும். பென் டிரைவ் வழியாகப் போடும்போது சில பழைய டிவிகள் அந்தக் குறிப்பைப் படிக்காமல் ஆளைப் படுக்க வைத்துக் காட்டிவிடும். டிவிக்கென்று தனியாகக் கொடுத்தால் எப்போதும் 1920×1080 கோப்புதான் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

எடுக்கும்போது நடுத்துண்டு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேமராவில் நெட்டுக்கோடு காட்டும் வசதி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கவலையில்லை. பெரும்பாலான கைபேசிகளில் 3×3 கட்டம் காட்டும் வசதி உண்டு. மேலிருந்து கீழாக ஓடும் அதன் நடு வரிசை ஃபிரேம் அகலத்தில் 33.3 சதவீதம். 9:16 வெட்டுக்குத் தேவை 31.6 சதவீதம். கட்டம் வீடியோ ஃபிரேமை முழுக்க மூடியிருந்தால், நடு வரிசைதான் நம்முடைய நெட்டு ஃபிரேம், இரு பக்கமும் ஒரு நூல் குறைவு, அவ்வளவே. வெயிலில் திரையில் கோடு கண்ணுக்குத் தெரியாதபோது, வெளி மானிட்டரில் அதே இடத்தில் இரண்டு கீற்று டேப் ஒட்டிக்கொள்கிறேன். நான் செலவழித்ததிலேயே மிகக் குறைந்த காசுக்கு மிக அதிகம் உழைத்தது அந்த டேப்தான்.

ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன். பாக் விரிகுடாப் பக்கம் கப்பாபைகஸ் பாசி மிதவையில் கயிறு கட்டும் விதத்தைக் காட்ட வேண்டியிருந்தது. மூங்கில் மிதவை 12 அடிக்கு 12 அடி, சதுரம். பக்கவாட்டில் நின்று எடுத்தால் தண்ணீர் மட்டத்தில் நீளமான ஒரு மூங்கில் கோடுதான் தெரியும், நடு வரிசைக்குள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட நிற்காது. கயிறு கட்டும் அக்காவின் தோளுக்குப் பின்னால் ஏணிப்படியில் ஏறி நின்று கீழ்நோக்கி எடுத்தேன். கயிறுகள் இப்போது ஃபிரேமின் அடியிலிருந்து மேல்நோக்கி ஓடுகின்றன, அவருடைய இரண்டு கையும் நடு வரிசைக்குள் அடங்கிவிட்டன. இடது வலது ஓரங்களில் அடுத்தடுத்த மிதவைகளும் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் மற்ற பெண்களும். டிவியில் பார்க்கிறவருக்கு இடம் முழுக்கத் தெரிகிறது. கைபேசியில் பார்க்கிறவருக்கு முடிச்சு தெரிகிறது. இந்த முறையின் சாரமே இதுதான்: ஓரத்தில் இருப்பது அழகுக்காக இருக்கலாம், போனாலும் பொருள் கெடக் கூடாது. அந்த அக்காவிடம் முன்கூட்டியே, ‘கையை விரிச்சுக் காட்டாதீங்கக்கா, நெஞ்சுக்கு நேரா வச்சே கட்டுங்க’ என்று சொல்லிவிட்டேன். பேசும்போது கையை அகலமாக வீசுகிறவர்களை நெட்டு வெட்டு மணிக்கட்டோடு வெட்டிவிடும்.

வள்ளத்துக்கும் இதே விதிதான். பக்கவாட்டில் நிற்கும் வள்ளம் நெட்டு ஃபிரேமில் வெறும் பலகையாகத் தெரியும். வள்ளத்தின் முன்முனையான அணியத்துக்கு முன்னால், சற்றுச் சாய்ந்த கோணத்தில் நின்றால் முழு வள்ளமும் நடுவரிசைக்குள் குறுகி வந்துவிடும்.

கடற்கரைக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: தொடுவானம். ஒரே ஒரு பாகை சாய்ந்தால், 1920 புள்ளி அகலத்தில் அந்தக் கோடு ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் சுமார் 33 புள்ளி ஏறி இறங்கும். 1080 புள்ளி அகல நெட்டு வெட்டில் அதே சாய்வு சுமார் 19 புள்ளிதான். கைபேசியில் கண்ணுக்கே படாத சாய்வு, கூடத்து டிவியில் கடல் ஒரு பக்கம் வழிவதுபோல் தெரியும். எனவே சாய்வைச் சரிபார்ப்பது எப்போதும் குறுக்கு ஃபிரேமில்தான். எடிட்டிங்கில் திருப்பிச் சரிசெய்தால் கொஞ்சம் பெரிதாக்கவும் வேண்டிவரும், நடுத்துண்டின் ஓரம் அதற்கு இரையாகும். முக்காலியின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு எடுப்பதுதான் சிரமமில்லாத வழி.

அப்புறம், ஓரத்தில் விட வேண்டிய இடம். தொலைக்காட்சிக்கு ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 95 பரிந்துரை, எழுத்தை நான்கு பக்கமும் 5 சதவீதம் உள்ளே வைக்கச் சொல்கிறது. 1920×1080-ல் பக்கவாட்டில் 96, மேல் கீழ் 54 புள்ளி. டிவியே ஓரத்தைக் கொஞ்சம் விழுங்கும் பழக்கம் இன்னும் சில செட்டுகளில் இருக்கிறது. படத்தின் அளவு மெனுவில் Just Scan அல்லது Screen Fit என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் அது நின்றுவிடும். ஆனால் ஊர் ஊராகப் போய் டிவியின் மெனுவைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது, அதனால் அந்த இடத்தை விட்டே வைக்கிறேன்.

நடைமுறையில் அதைவிட அதிகம் வெட்டுவது கைபேசிதான். இன்றைய திரைகள் பல 20:9. குறுக்கு வீடியோவைப் படுக்க வைத்துப் பார்க்கிறவர் இரண்டு விரலால் விரித்துத் திரையை நிரப்பினால், மேலே 10 சதவீதமும் கீழே 10 சதவீதமும் போய்விடும். நெட்டு வீடியோவிலும் அப்படித்தான்: உயரத்தை நிரப்பிக் காட்டும் செயலிகளில் இடமும் வலமும் பத்துப் பத்து சதவீதம் மறையும், 1080-ல் 864 புள்ளிதான் நிச்சயம். ஆகவே 5 சதவீதத்தோடு நிறுத்துவதில்லை. குறுக்கு வடிவத்தில் மேலும் கீழும் 10, நெட்டு வடிவத்தில் இருபுறமும் 10. இதைப் பின்பற்ற ஆரம்பித்த பிறகு, எழுத்து வெட்டுப்பட்டது என்ற புகார் வந்ததேயில்லை.

ரீல்ஸில் இதற்கு மேலும் ஒரு சுமை. பெயர், விளக்கம், விருப்பக்குறி எல்லாம் படத்தின் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். விளம்பரம் கொடுப்பவர்களுக்கு மெட்டா சொல்லும் அளவு: மேலே சுமார் 14 சதவீதம், கீழே 35 சதவீதம் எழுத்தில்லாமல் விட வேண்டும். 1920 உயரத்தில் மேலே 269, கீழே 672. மிச்சம் நடுவில் 979 புள்ளி. டிவியில் எழுத்து கீழே இருந்தால்தான் இயல்பாக இருக்கும், கைபேசியில் அங்கே இருந்தால் மறைந்துவிடும். ஒரே இடத்தில் எழுத்தை வைத்து இரண்டையும் சமாளிக்கலாம் என்று நினைப்பது வீண். படத்தை எழுத்தில்லாமல் முழுதாக முடித்துவிட்டு, இரண்டு டைம்லைனில் தனித்தனியாக எழுத்துப் போடுவதே சரி.

நெட்டு வடிவத்தில் 864 புள்ளிக்குள் தமிழ் எழுத்தை அடக்குவது தனி வேலை. 60 புள்ளி அளவில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் வரும். ‘பாசி விதைக் கயிறு கட்டும் முறை’ என்பது இரண்டு வரி. வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதுபோல் நெருக்கி வைத்தால், மேல் வரியின் ‘மு’, ‘பு’ ஆகியவற்றின் வால் கீழ் வரியின் மெய்யெழுத்துப் புள்ளியில் இடிக்கும். நான் எழுத்தளவில் ஒன்றரை மடங்கு விடுகிறேன். எழுத்துக்குப் பின்னால் பட்டை வைத்தால் அது புள்ளியையும் கொக்கியையும் மூடும் அளவுக்கு உயரமாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடிட்டிங்கில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. டாவின்சி ரிசால்வில் குறுக்கு டைம்லைனை முடித்துவிட்டு, அதை நகலெடுத்து 1080×1920 ஆக்கி, Scale full frame with crop என்பதைத் தேர்ந்தெடுக்கிறேன். நடுத்துண்டு தானாக வந்துவிடும். ஆள் சற்று விலகியிருக்கும் காட்சிகளில் மட்டும் படத்தை இடம் வலம் நகர்த்திவிடுகிறேன்.

கைவிடும் இடங்களும் உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசினால் நடு வரிசையில் இருவருக்கும் நடுவிலுள்ள காற்றுதான் கிடைக்கும். அவர்களை ஒருவர் முன்னும் ஒருவர் சற்றுப் பின்னுமாக நிறுத்துவேன், இல்லையென்றால் தனித்தனியாக எடுப்பேன். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலமும் அப்படித்தான். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், குறுக்கே பார்த்தால்தான் அதன் அழகு. சாலைப் பாலத்தில் நின்று, தண்டவாளம் தொலைவில் போய்ச் சுருங்கும் திசையில் நெட்டுக்கென்று தனியாக ஒரு துண்டு எடுத்தே ஆக வேண்டும். மேலே உயரும் 72.5 மீட்டர் நீளப் பகுதியை மட்டும் காட்டுவதென்றால் ஒரே காட்சி இரண்டுக்கும் போதும்.

இன்னொரு நிலைமை: ‘தம்பி, ஒரே ஃபைலாக் கொடுங்க, குரூப்ல போட்டுட்டு அதையே டிவியிலயும் போட்டுக்கிறோம்’ என்று கேட்பவர்கள். அவர்களுக்கு 1:1 சதுரம் கொடுக்கிறேன். 20:9 கைபேசியை நிமிர்த்திப் பிடித்தால் 16:9 வீடியோ திரை உயரத்தில் 25 சதவீதம்தான் பிடிக்கும், சதுரம் 45, 4:5 என்றால் 56. டிவி அகலத்தில் சதுரம் 56 சதவீதம், 4:5 வெறும் 45. கூடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு எழுத்து தெரிய வேண்டும் என்பதால் நான் சதுரத்தின் பக்கம். கறுப்புப் பட்டையில்லாமல் வெறும் 1080×1080 கோப்பாகத்தான் கொடுக்க வேண்டும். டிவிக்காகப் பட்டை சேர்த்துக் கொடுத்தால், கைபேசி அந்தப் பட்டையையும் படமாகவே எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் சதுரத்தை இன்னும் சிறிதாக்கிவிடும்.