ஃபிட் விட்த், ஃபிட் பேஜ், ஆக்சுவல் சைஸ்: மெய்ப்பு பார்க்கிறவளின் நீண்ட நாள் அனுபவம்

பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் வீடு. சென்னைப் பதிப்பகங்களுக்கு வீட்டிலிருந்தே மெய்ப்பு பார்த்துக் கொடுக்கிறேன். தாள் கட்டுகள் கூரியரில் வந்த காலம் போய், இப்போது எல்லாமே பிடிஎஃப். அதைத் திறக்கச் சில வருடங்களாக ஃபயர்ஃபாக்ஸ், அக்ரோபேட் ரீடர், சுமத்ரா மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். மூன்றிலும் மற்ற வசதிகள் எனக்குப் போதும். தொல்லை ஒன்றே ஒன்றுதான்: ஃபைலைத் திறந்தவுடன் பக்கம் வந்து நிற்கும் அளவு. ஒரு நாள் எழுத்து எறும்பு மாதிரி, இன்னொரு நாள் தலைப்பே திரைக்கு வெளியே.

படிப்பதற்கு, பக்கத்தின் அகலத்தை ஜன்னலின் அகலத்துக்குப் பொருத்தும் ஃபிட் விட்த் தான் சரி என்று பொதுவாகச் சொல்வார்கள். ஏ4 தாளுக்கு அது ஓரளவு உண்மை. ஆனால் நான் பார்ப்பது பெரும்பாலும் டெமி அளவுப் புத்தகம், ஏறத்தாழ 5.5 அங்குல அகலம், 8.5 அங்குல உயரம். ஃபயர்ஃபாக்ஸ் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கணக்கு வைக்கிறது. அதன்படி 100 சதவீதத்தில் இந்தப் பக்கத்தின் அகலம் 528 பிக்சல். என் மானிட்டரோ 1920 பிக்சல் அகலம். முழுத் திரையில் ஃபிட் விட்த் கொடுத்தால் பக்கம் 350 சதவீதத்துக்கு ஊதிப் போகிறது. ஒரு பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் கண்ணுக்குத் தெரியாது. பத்து வரிக்கு ஒருமுறை உருட்டிக்கொண்டே இருந்தால் ஒற்றுப்பிழை எங்கே கண்ணில் படும்?

இதற்கு நான் கண்ட வழி, பிடிஎஃப் ஜன்னலைத் திரையின் பாதிக்கு ஒதுக்கிவிட்டு, அதற்குள் ஃபிட் விட்த் வைப்பது. இப்போது பக்கம் 170 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது, பாதிக்கு மேல் பக்கம் தெரிகிறது, மறு பாதியில் மூலப்பிரதியைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஃபிட் விட்த் என்பது நிலையான அளவு இல்லை, ஜன்னலோடு சேர்ந்து மாறும் கணக்கு. ஜன்னலை இழுத்தால் அதுவும் மாறும்.

ஃபயர்ஃபாக்ஸில் யாரும் எதையும் மாற்றாவிட்டால் இருப்பது ஆட்டோமேட்டிக் ஜூம். நேர்ப்பக்கமாக இருந்தால் இதுவும் அகலத்துக்குப் பொருத்தத்தான் பார்க்கும், ஆனால் 125 சதவீதத்தைத் தாண்டாது. அதனால்தான் சிறிய புத்தகப் பக்கம் அகலத் திரையின் நடுவில் ஒல்லியாக, இரண்டு பக்கமும் வெறும் சாம்பல் நிறத்தோடு நிற்கிறது. அதைக் கோளாறு என்று நினைத்து உலாவியைத் திரும்ப நிறுவியவர்களை எனக்குத் தெரியும். `about:config` போய் இந்த மதிப்பை மாற்றினால் தீர்ந்தது:

```
pdfjs.defaultZoomValue = page-width
```

`page-fit`, `page-actual` என்றும் கொடுக்கலாம்.

ஃபிட் பேஜ் எனக்கு எழுத்துப் படிக்க இல்லை, பக்கத்தைப் பார்க்க. அத்தியாயத்தின் கடைசி வரி மட்டும் தனியாக அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறதா, பக்க எண் இடம் மாறியிருக்கிறதா என்பதெல்லாம் முழுப் பக்கம் ஒரே பார்வையில் தெரிந்தால்தான் பிடிபடும். ரீடரிலும் சுமத்ராவிலும் Ctrl+0 ஃபிட் பேஜ், Ctrl+1 ஆக்சுவல் சைஸ், Ctrl+2 ஃபிட் விட்த். இந்த மூன்றும் விரலுக்குப் பழகிவிட்டால் மெனு பக்கமே போக வேண்டாம்.

சிக்கலான பேர்வழி ஆக்சுவல் சைஸ். பதிப்பாளர் போன் செய்து, "எழுத்து ரொம்பச் சின்னதா தெரியுதா மேடம்?" என்று கேட்கும்போது இதைத்தான் நம்பத் தோன்றும். பிடிஎஃப் உள்ளே பக்க அளவு பாயிண்டில் இருக்கிறது, 72 பாயிண்ட் ஓர் அங்குலம், அதில் குழப்பமே இல்லை. குழப்பம் திரையில். என் 15.6 அங்குல லேப்டாப்பில் உண்மையில் ஓர் அங்குலத்துக்கு 141 பிக்சல். விண்டோஸில் ஸ்கேலிங் 125 சதவீதம் வைத்திருக்கிறேன். ஃபயர்ஃபாக்ஸில் 100 சதவீதம் வைத்துத் திரைமேல் ஸ்கேல் வைத்து அளந்தால் 5.5 அங்குலப் பக்கம் 4.7 தான் வருகிறது. அதாவது 11 பாயிண்ட் எழுத்து ஒன்பதரை போலத் தெரியும். அதைப் பார்த்து எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னால் புத்தகம் வீணாக இரண்டு ஃபாரம், அதாவது இரண்டு அச்சுத்தாள் அளவுப் பக்கங்கள், கூடும்.

கணக்கு எளிதுதான். உண்மை அகலத்தை அளந்த அகலத்தால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். 5.5-ஐ 4.7-ஆல் வகுத்தால் 117 சதவீதம். அந்த லேப்டாப்பில் அதுதான் அசல் அளவு. ஏற்கெனவே அச்சான டெமி புத்தகம் ஒன்றைத் திரைமேல் வைத்து ஓரங்கள் பொருந்துகிறதா என்று பார்த்தாலும் போதும். 24 அங்குல மானிட்டரில் இதே 100 சதவீதம் கொஞ்சம் பெரிதாகவே தெரியும், ஏனென்றால் அங்கே அங்குலத்துக்கு 92 பிக்சல்தான். ஆகவே ஒரு திரையில் கண்ட எண் இன்னொன்றுக்கு ஆகாது. சுமத்ராவில் `CustomScreenDPI` என்ற இடத்தில் உண்மை எண்ணைக் கொடுத்துவிட்டால் Ctrl+1 சரியான அளவையே காட்டும். ரீடரிலும் Page Display பகுதியில் Resolution என்று இதற்கு இடம் உண்டு.

சரி, இவ்வளவு அமைத்த பிறகும் ஒரு கவிதைத் தொகுப்பு மட்டும் ரீடரில் எப்போதும் ஃபிட் பேஜிலேயே திறந்தது. Preferences-இல் Page Display கீழே Zoom என்பதை Fit Width ஆக்கியும் அசையவில்லை. மற்ற ஃபைல்கள் ஒழுங்காகத் திறந்ததால் குற்றம் மென்பொருளில் இல்லை என்று புரிந்தது. பக்கம் வடிவமைக்கும் தம்பியிடம் கேட்டேன். "மேடம், நான் எக்ஸ்போர்ட் பண்றப்ப View-ல Fit Page வெச்சிருக்கேன், வாடிக்கையாளருக்கு அட்டை முழுசா தெரியணும்ல" என்றார். பிடிஎஃப் உள்ளே `/OpenAction` என்று ஒரு குறிப்பு இருக்கிறது. எந்தப் பக்கத்தில், எந்த அளவில் திறக்க வேண்டும் என்று அது சொல்கிறது:

```
/OpenAction [ 5 0 R /Fit ]
```

`/Fit` என்றால் முழுப் பக்கம், `/FitH` என்றால் அகலம். நாம் Zoom-இல் வைப்பது, ஃபைல் ஒன்றும் சொல்லாதபோது மட்டும் எடுபடும் விருப்பம். ஃபைலையும் மீற வேண்டுமானால் Preferences-இல் Accessibility பகுதிக்குப் போய் Always use Zoom Setting என்பதை டிக் செய்ய வேண்டும். இவ்வளவு முக்கியமான ஒன்றை ஏன் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அதே தம்பி முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றும் சேர்ந்த விரிந்த தாளை முதல் பக்கமாகக் கோத்து அனுப்புவார். அது உள்பக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அகலம். ஃபயர்ஃபாக்ஸ் ஃபிட் விட்த்தை அப்போது எதிரில் உள்ள பக்கத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறது. அட்டையில் நின்றபடி கொடுத்துவிட்டு உருட்டினால் உள்பக்கங்கள் பாதியாகச் சுருங்கித் தெரியும். உள்பக்கத்துக்கு வந்து மறுபடி கொடுத்தால் சரியாகிவிடும். வெட்டுக்குறிகளோடு வரும் அச்சுப் பிரதியிலும் இப்படித்தான், குறிகள் இருக்கும் ஓரமும் பக்கத்தின் அகலத்தில் சேர்ந்துவிடுகிறது. ஓரத்தைத் தள்ளிவிட்டு எழுத்தை மட்டும் பொருத்தும் ஃபிட் விசிபிள் இங்கே உதவாது, வெட்டுக்குறியும் அதன் கணக்கில் எழுத்து மாதிரிதான். அதனால் இப்போது அட்டையைத் தனி ஃபைலாகவும், முதல் மெய்ப்பை வெட்டுக்குறி இல்லாமலும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். View-ஐயும் Default-இலேயே விட்டுவிடச் சொன்னேன். அவர் அதைப் பாதி நேரம் மறந்துவிடுகிறார்.