சீரமைத்த முகத்தில் சாயல் மாறியதா: மேலடுக்கும் மாற்றிக் காட்டலும்

பழுதடைந்த குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து ஃபோட்டோஷாப்பில் சீரமைத்துக் கொடுப்பது என் தொழில். முகத்தில் கைவைத்த எந்தப் படத்தையும் மூலத்தோடு ஒப்பிடாமல் ஒப்படைப்பதில்லை என்பதைச் சில ஆண்டுகளாகவே வழக்கமாக வைத்திருக்கிறேன்.

மூல ஸ்கேனை அடி லேயராகப் பூட்டி வைக்கிறேன். அதன் கண் குறியை Alt விசையுடன் சொடுக்கினால் மூலம் மட்டும் தெரியும். மறுபடி சொடுக்கினால் சீரமைத்த படம் திரும்பும். நொடிக்கு ஒருமுறை இப்படி மாற்றும்போது அசையாத பகுதி அப்படியே நிற்க, இடம் மாறிய பகுதி மட்டும் துள்ளும். 1930-இல் வானியலாளர் க்ளைட் டாம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்ததும், வெவ்வேறு இரவுகளில் எடுத்த இரு ஒளிப்படத் தகடுகளை இவ்வாறு மாற்றி மாற்றிப் பார்த்துத்தான். இரண்டு படங்களுக்கும் நடுவே வெற்றுத்திரை ஒரு கணம் வந்தாலும் அந்தத் துள்ளல் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால், தனித்தனிக் கோப்புகளை மாறி மாறித் திறந்து பார்ப்பதில் பயனில்லை.

அண்மையில் வந்த ஒரு மூதாட்டியின் படத்தில் இடது மேலிமையின் குறுக்கே விரிசல் ஓடியிருந்தது. வலது இமையைத் திருப்பி ஒட்டி அந்த இடத்தை நிரப்பியபோது முகம் அழகாகவே தெரிந்தது; ஆனால் மாற்றிக் காட்டியதும் இமை மேலே துள்ளியது. சீரமைத்த லேயரை மூலத்தின் மேலடுக்காக வைத்து Difference நிலைக்கு மாற்றிப் பார்த்தேன். இரு படங்களும் ஒத்துள்ள இடம் கறுப்பாகத் தெரிய, நிரப்பிய விரிசலைத் தவிர இமையோரத்தில் மட்டும் வெளிச்சக் கோடு நின்றது. அளவு மூன்று பிக்சல். 600 டிபிஐ ஸ்கேனில் ஏறத்தாழ 700 பிக்சல் உயரமுள்ள முகத்தில் இது அற்பம்தான் என்றாலும், அவருடைய இடது இமை இயல்பிலேயே சற்றுத் தாழ்ந்தது. அந்தத் தாழ்வுதான் அவர் சாயல். விரிசலுக்கு இருபுறமும் எஞ்சியிருந்த இமைக்கோட்டுத் துண்டுகளை இணைத்துப் புதிதாக வரைந்த பிறகே துள்ளல் அடங்கியது. விரிசலுக்குள் மூலமே இல்லாததால் அங்கே ஒப்பிட எதுவும் கிடையாது. எஞ்சிய முனைகளோடு கோடு உடையாமல் சேர்கிறதா என்பதை மட்டுமே சோதிக்க முடியும்.

Difference நிலையில் முகமெங்கும் எல்லா ஓரங்களும் ஒரே பக்கம் ஒளிர்ந்தால், மாறியது முகம் அன்று. லேயர் முழுதும் நகர்ந்திருக்கிறது என்று பொருள். சட்டைப் பொத்தான்களும் ஒளிர்வதைக் கொண்டு இதை உறுதிசெய்யலாம். மங்கலைப் போக்கும் வண்ணத் திருத்தத்தை இரண்டுக்கும் மேலே தனி லேயராக வைக்காவிட்டால் படம் முழுதும் ஒளிர்ந்து, பார்க்க வேண்டியது புதைந்துவிடும்.

கன்னச் சுருக்கத்தை மழுப்புவதை மேலடுக்கு சரியாகக் காட்டுவதில்லை. அங்கே எந்த ஓரமும் நகர்வதில்லை, வயதுதான் குறைகிறது. அதற்கு முகத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி மாற்றிப் பார்க்கிறேன். ஆள் இளமையானவராகத் தோன்றினால், மழுப்பிய லேயரின் Opacity மதிப்பைப் பாதியாகக் குறைத்து மீண்டும் பார்க்கிறேன்.