முதியோர் வாட்டா, வீடு தேடிப் போகும் தாதியா: ஊர்க் காசை எங்கே போட்டோம்

கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்துக்காரர் போன வருடம் ஒரு தொகை அனுப்பத் தயாராக இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிரதேச வைத்தியசாலையில் முதியோருக்கென்று ஏதாவது செய்ய வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. வைத்தியசாலை நலன்புரிச் சங்கக் கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, 12 கட்டில் போட்ட முதியோர் வாட். மற்றது, ஒரு தாதி, ஒரு ஆட்டோ, இரவல் கொடுக்கக் கொஞ்சம் உபகரணங்கள் என்று வீடுவீடாகப் போகும் சேவை. மூன்று கூட்டம் இழுபட்டு இரண்டாவதை எடுத்தோம். அதற்காக அதிகம் வாதாடியவன் நான், ஆகவே இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். புள்ளிவிபரக் கிளையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் கணக்கும் கொஞ்சம் கூடவே வரும்.

வாட் கேட்டவர்களின் வாதம் நேரானது. முதியோர் வீதம் ஏறுகிறது, அதனால் கட்டில் வேண்டும். ஏறுவது உண்மைதான். இலங்கையில் 65 வயதைத் தாண்டியவர்கள் 2012 குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்கு 8 பேர் அளவில் இருந்தார்கள். 2024இல் அது 12ஐத் தாண்டிவிட்டது. பிரான்சில் இந்த வீதம் 7இலிருந்து 14க்கு வர நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது. எங்களுக்கு இருபது சொச்சம் வருடத்தில் முடிந்துவிடும் போலிருக்கிறது.

இதற்கான காரணத்தைக் குடித்தொகை நிலைமாற்றம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். முதல் கட்டத்தில் பிறப்பும் இறப்பும் அதிகம். இரண்டாவதில் இறப்பு மட்டும் விழுகிறது. மூன்றாவதில் பிறப்பும் விழுகிறது. நான்காவதில் இரண்டுமே குறைவு. இலங்கையில் இரண்டாவது கட்டத்தின் பெரிய பாய்ச்சல் 1946, 1947இல் நடந்தது. டி.டி.டி. அடித்து மலேரியாவை அடக்கிய காலம் அது. ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் ஒரே வருடத்தில் 14க்கு இறங்கியது. மருந்து மட்டும்தான் காரணமா, உணவும் வைத்தியசாலைகளும் எவ்வளவு உதவின என்று இன்னும் வாதாடுகிறார்கள், அது வேறு கதை. பிறப்பு பிறகு மெல்ல மெல்ல விழுந்தது. அண்மையில் அது வேகம் பிடித்துவிட்டது. 2013இல் நாடு முழுவதும் மூன்றரை லட்சத்துக்கு மேல் பிறந்த பிள்ளைகள், பத்து வருடத்தில் இரண்டரை லட்சம் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

இந்த நாலு கட்டப் படத்தில் இல்லாத ஒன்று இடப்பெயர்வு. பிறப்பு, இறப்பு என்ற இரண்டு கோடுகள்தான் அதில் உண்டு, விமான நிலையம் இல்லை. யாழ்ப்பாணத்துக்கு அந்தப் படத்தை அப்படியே போட்டால் கணக்குப் பிழைக்கும். இன்றைய மாவட்ட எல்லைக்குள் 1981இல் சுமார் 7 லட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012இல் 5 லட்சத்து 83 ஆயிரம் அளவில்தான் இருந்தார்கள். நாடு வளர்ந்த அதே முப்பது வருடத்தில் இந்த மாவட்டம் சுருங்கியது. போனவர்களில் பெரும்பாலானோர் இளம் ஆட்கள்.

சரி, இதற்கும் கட்டிலுக்கும் என்ன தொடர்பு? கூட்டத்தில் நான் கரும்பலகையில் போட்ட கணக்கை இங்கேயும் போடுகிறேன். ஆயிரம் பேர் கொண்ட ஓர் ஊரை எடுப்போம். முதியவர்கள் 100, உழைக்கும் வயதில் 600, பிள்ளைகள் 300. முதியோர் வீதம் 10. இந்த ஊரில் ஆட்கள் நெடுநாள் வாழத் தொடங்கி முதியவர்கள் 150 ஆனால், மொத்தம் 1050. வீதம் 14.3. இனி அதே ஊரில் முதியவர்கள் 100 பேராகவே இருக்க, உழைக்கும் வயதினர் 300 பேர் வெளிநாடு போய்விட்டார்கள் என்று வையுங்கள். மொத்தம் 700. வீதம் மறுபடியும் 14.3.

இரண்டு ஊருக்கும் வீதம் ஒன்றுதான், தேவை ஒன்றல்ல. முதல் ஊரில் வருத்தக்காரர் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டார்கள். அங்கே கட்டில் கேட்பது நியாயம். இரண்டாவது ஊரில் ஒரு முதியவர்கூடப் புதிதாகச் சேரவில்லை. முன்பு ஒருவருக்கு ஆறு பேர் என்றிருந்த உழைக்கும் வயதினர் இப்போது மூன்று பேர். அங்கே குறைந்தது கைகள். குளிக்க வார்க்க, மருந்தை நேரத்துக்குக் கொடுக்க, இரவில் கழிப்பறைக்குப் பிடித்துக்கொண்டு போக ஆள் இல்லை. எங்கள் ஊர் எந்த வகை என்று பார்க்க முதியோர் சங்கப் பட்டியலை வைத்து வீடுவீடாகக் கேட்டோம். வயதை மட்டும் கேட்காமல், யாரோடு இருக்கிறீர்கள், தனியே எழும்பிக் கழிப்பறைக்குப் போக முடியுமா என்ற இரண்டு கேள்வியையும் சேர்த்தோம். தனியே இருப்பவர்களும், தன்னைப் போலவே முதிய துணையோடு மட்டும் இருப்பவர்களும்தான் பட்டியலில் நீளமாக வந்தார்கள்.

இனி வாட். அதன் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம், அரசாங்கம் பொறுப்பெடுத்தால் பிறகு நாங்கள் காசு தேட வேண்டியதில்லை. அந்த “பொறுப்பெடுத்தால்” என்ற சொல்லில்தான் என் முழு எதிர்ப்பும் இருக்கிறது.

ஒரு வாட்டில் எந்த நேரமும் ஒரு தாதி நிற்க வேண்டும் என்றால் வாரத்துக்கு 168 மணித்தியாலம். ஒருவர் வாரம் 40 மணித்தியாலம் வேலை செய்தால் அந்த ஒரு இடத்தை நிரப்பவே நாலு பேருக்கு மேல் வேண்டும். லீவு, பயிற்சி, சுகயீனம் எல்லாம் சேர்த்தால் ஐந்து. பகலிலும் மாலையிலும் இரண்டாவது ஆள் தேவை என்றால் எட்டு, ஒன்பதாகிவிடும். தூக்கித் துடைக்க உதவியாளர்களுக்கும் இதே கணக்கு. இந்த ஆட்களை நலன்புரிச் சங்கம் போட முடியாது. ஆளணி அனுமதி கொழும்பிலிருந்து வர வேண்டும், வந்தாலும் அந்த இடத்துக்குத் தாதியர் கிடைக்க வேண்டும். நன்கொடையில் எழும்பி, ஆளணி வராமல், கடைசியில் கதிரையும் பழைய கோப்புகளும் அடுக்கிவைக்கும் அறையாகிப்போன கட்டடத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கே என்று எழுத விரும்பவில்லை.

ஆளணி வந்துவிட்டது என்றே வைப்போம். 12 கட்டிலை 365 நாளால் பெருக்கினால் வருடத்துக்கு 4380 கட்டில்நாட்கள். ஒருவர் சராசரியாக ஆறு நாள் படுத்து வீடு போனால் 730 பேரைப் பார்க்கலாம். வீட்டில் பார்க்க ஆள் இல்லாததால் ஒவ்வொருவரும் இரண்டு மாதம் கிடந்தால் 73 பேர்தான். கட்டில்கள் அவைதான், சம்பளமும் அதேதான், பயன் பத்தில் ஒன்று. இரண்டாவது வகை ஊரில் இதுதான் நடக்கும். வைத்தியர் துண்டு வெட்டுவார், கூட்டிப்போக யாரும் வரமாட்டார்கள். ஒரு வருடத்துக்குள் வாட் முதியோர் இல்லமாக மாறிவிடும், நியூமோனியாவோடு வருகிறவருக்குக் கட்டில் இருக்காது. இது தொடங்கிவிட்டதா என்று பார்க்கக் கட்டில் நிரம்பிய வீதத்தைப் பார்த்துப் பயனில்லை, அது நன்றாகத்தான் தெரியும். துண்டு வெட்டிய திகதிக்கும் ஆள் வீடு போன திகதிக்கும் இடையில் எத்தனை நாள் என்று எண்ண வேண்டும்.

வீட்டுச் சேவையின் கணக்கு இதைவிடச் சின்னது. ஒரு தாதி நாளுக்கு ஐந்து வீடு, மாதத்தில் 20 நாள், மொத்தம் 100 வருகை. படுக்கையில் கிடக்கும் பத்துப் பேருக்கு வாரம் ஒருமுறை என்றால் 40 போய்விடும். மிச்ச 60இல் நடமாடக்கூடிய 60 பேரை மாதம் ஒருமுறை பார்க்கலாம். ஆக 70 பேர், ஒரு சம்பளமும் ஆட்டோக் காசும்.

போய் என்ன செய்கிறார் என்று கனடாவிலிருந்து கேட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் 80 தாண்டிய ஓர் அம்மாவைச் சொல்லலாம். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காது. பார்ப்பது 76 வயதுத் தங்கச்சி. சிறுநீர்க்குழாய் அடைபட்டோ, காய்ச்சல் வந்தோ, படுக்கைப்புண் பெருத்தோ அடிக்கடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மூன்றும் வீட்டிலேயே தடுக்கக்கூடியவை. தாதி முதல் நாள் போய்ச் செய்தது பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. காற்று மெத்தை ஒன்றை இரவல் கொடுத்தார், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று தங்கச்சிக்குச் செய்து காட்டினார், குழாய் மாற்ற வேண்டிய திகதியைக் கலண்டரில் வட்டம் போட்டார். மேசையில் கிடந்த மருந்துப் பைகளை விரித்துப் பார்த்தபோது ஒரே பிரெஷர் குளிசை இரண்டு கிளினிக்கிலிருந்து இரண்டு பெயரில் வந்திருந்தது. அந்த அம்மா எழும்பி இருக்கும்போதெல்லாம் தலை சுற்றியது அதனால்தான். வாட்டில் படுத்திருந்தால் இந்த மேசையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

“அண்ணை, ராத்திரியில ஏதும் நடந்தா உங்கட நேர்ஸ் வருவாவோ?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். வரமாட்டார். இந்தச் சேவையின் பெரிய ஓட்டை அதுதான். புதிதாக வரும் பாரிசவாதத்துக்கு முதல் நாலரை மணித்தியாலம்தான் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நேரம், இடுப்பெலும்பு முறிந்தால் சத்திரசிகிச்சை வேண்டும். இரண்டுக்கும் பெரிய வைத்தியசாலைக்கு ஓட வேண்டியதுதான். ஆனால் ஊரில் போடும் 12 கட்டில் வாட்டும் அவர்களை அங்கேதான் அனுப்பியிருக்கும்.

மற்ற ஓட்டை காசு. கட்டடத்துக்கு ஒருமுறை கொடுப்பவர் மாதாமாதம் சம்பளத்துக்குக் கொடுப்பாரா? மூன்று வருடத்துக்குப் போதுமானதை நிலையான வைப்பில் போட்டுவிட்டுத்தான் தொடங்கினோம். கொடுக்கிற தலைமுறைக்கும் அங்கே வயதாகிறது, பிள்ளைகள் கொடுப்பார்களா என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேவை தொடங்கி எட்டு மாதம்தான். ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போவது குறைந்த மாதிரி இருக்கிறது, 70 பேரை வைத்து அதற்கு மேல் உறுதியாகச் சொல்வது சரியில்லை.

வாட்டை ஒரேயடியாக நிராகரிக்கவும் இல்லை. 1947க்குப் பிறகு, இறப்பு விழுந்தும் பிறப்பு விழாமலிருந்த காலத்தில் பிறந்த பெரிய கூட்டம் இப்போதுதான் எண்பதை நெருங்குகிறது. அவர்கள் எண்பதைத் தாண்டும்போது முதல் வகை ஊரின் கணக்கும் எங்களுக்கு வந்து சேரும், கட்டில் உண்மையாகவே தேவைப்படும். தெற்கு மாவட்டங்களில் அந்த அலை முழு உயரத்தோடு வரும். இங்கே அந்த வயதுக்காரரில் கனபேர் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருப்பதால் அலை கொஞ்சம் தாழ்ந்து வரும் என்பது என் எண்ணம். ஓய்வுக்குப் பிறகு அவர்களில் ஒரு பங்கு ஊருக்குத் திரும்பினால் என் எண்ணம் பிழைக்கும்.

அதனால் கட்டட வரைபடத்தைச் சங்கக் கோப்பில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு தை மாதமும் இரண்டு எண்ணை மட்டும் அதில் எழுதுவது என்று தீர்மானம். ஊரில் 80 தாண்டியவர்கள் எத்தனை பேர், துண்டு வெட்டியும் வீடு போகாமல் கிடந்த நாட்கள் எத்தனை. முதல் எண் ஏறி, இரண்டாவது ஏறாமல் நின்றால் வாட்டுக்குக் கை தூக்குகிற முதல் ஆள் நானாக இருப்பேன்.