23,000 ஓடிய பைக்கா, 52,000 ஓடிய பைக்கா?

இரண்டும் பல்சர் 150, இரண்டும் 2018 மொடல். ஒன்று கல்முனையில், மற்றது செங்கலடியில். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, அதற்கு முந்திய பைக்குகளுக்கு எங்கள் பக்கம் கிராக்கி குறையவே இல்லை. அதனால் இந்த வயதுப் பைக்கைக்கூட நிறைய யோசித்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

கல்முனைக்காரர் விற்பனை விளம்பரத்தில் எழுதியது இவ்வளவுதான்: "23,400 கிலோமீற்றர், ஃபுல் கண்டிஷன், புது டயர், ஒரு செலவும் இல்லை." செங்கலடிக்காரர் ஓர் ஆசிரியர். விலை 30,000 ரூபாய் குறைவு, ஆனால் எழுதியது நீளம்: "52,100 கிலோமீற்றர். நான்தான் முதல் ஓனர். சேர்விஸ் பில் எல்லாம் இருக்கிறது. முன் ஃபோர்க் இடப்பக்கம் ஒயில் கசிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் டைமிங் செயின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கும். 2024 நவம்பர் வெள்ளத்தில் சில்லின் நடு வரைக்கும் தண்ணீர் நின்றது. ஸ்டார்ட் பண்ணாமல் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்."

படித்ததும் மனம் முதல் பைக்கின் பக்கம்தான் போகும். அங்கேதான் நிதானம் வேண்டும். டிஜிட்டல் மீற்றரைக் கழற்றி வேறு பைக்கின் மீற்றரைப் பூட்டுவது சின்ன வேலை. ஆகவே மீற்றர் காட்டும் எண்ணுக்கு வேறு சாட்சி தேவை.

ஆசிரியரிடம் அந்தச் சாட்சி பில்களாக இருந்தது. ஒவ்வொன்றிலும் திகதியும் கிலோமீற்றரும் எழுதியிருந்தன. அவர் மட்டக்களப்பு நகரத்துப் பாடசாலைக்குப் போய்வருகிறவர். போகவர ஏறக்குறைய 30 கிலோமீற்றர், வருடத்துக்கு 200 பாடசாலை நாள் என்று வைத்தால் 6,000. கடை, கோயில், சொந்தக்காரர் வீடு என்று இன்னும் கொஞ்சம் கூடும். ஏழு வருடத்துக்கு 52,000 பொருந்துகிறது. என்னை நம்பவைத்தது இன்னொன்று. 2020, 2021 பில்களில் கிலோமீற்றர் மிகக் குறைவாகவே ஏறியிருந்தது. கொரோனாவால் பாடசாலைகள் மூடிக்கிடந்த காலம் அது. பொய்யாக எழுதுகிறவர் எல்லா வருடத்துக்கும் ஒரே அளவாகக் கூட்டிப் போடுவார். இவ்வளவு தூரம் யோசிக்கமாட்டார். வெள்ளத்துக்கு அடுத்த பில்லில் எஞ்சின் ஒயிலும் இரண்டு சில்லுகளின் பெயாரிங்கும் மாற்றியதாக இருந்தது. அவர் சொன்ன கதையோடு அதுவும் ஒத்துப்போனது.

கல்முனைப் பைக்கில் பில் ஒன்றுமில்லை. அதனால் பைக்கையே பார்க்க வேண்டியதாயிற்று. சீட் கவர், கால்மிதி ரப்பர், கைப்பிடி எல்லாம் புதிது. ஆனால் முன் பிரேக் டிஸ்க்கை யாரும் மாற்றவில்லை. அதன் வெளி ஓரத்தில் விரல் நகத்தை வைத்து உள்பக்கம் இழுத்தால், படி ஒன்றில் இறங்குவதுபோல் விழுந்தது. பிரேக் கட்டை அவ்வளவு தேய்த்திருக்கிறது. 23,000 கிலோமீற்றரில் இந்த அளவு தேய்வதை நான் பார்த்ததில்லை. ஹெட்லைட்டுக்குள் காய்ந்த சேற்றுக்கோடும் தெரிந்தது. வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்திருந்தால் வயரிங்கும் எயார் ஃபில்டர் பெட்டியும் நனைந்திருக்கும். விளம்பரத்தில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அப்புறம் வாகனப் பதிவுக்கான சீ.ஆர். புத்தகம். அதில் மூன்றாவது ஓனராக இருப்பவர் விற்கிறவர் அல்ல. வாங்குகிறவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் வைத்த ஓபன் பேப்பரில் கைமாறி வந்திருக்கிறது. லீசிங் கம்பனியின் பெயரும் புத்தகத்தில் இருந்து எடுபடவில்லை. லீசிங் முடிந்ததற்கான கடிதமும், பதிவிலுள்ள ஓனரின் ஒத்துழைப்பும் இல்லாமல் பைக்கை உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. இதைப் பார்த்த பிறகு விலை குறைந்தாலும் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

செங்கலடிப் பைக்கிலும் செலவு இருக்கிறது. ஃபோர்க் சீல் சின்ன வேலை. ஆனால் கசியும் ஒயில் பிரேக் கட்டையில் பட்டால் பிரேக் பிடிக்காது, அதனால் தள்ளிப்போடக்கூடாது. டைமிங் செயின் பெரிய வேலை. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை மட்டும் மாற்றினால் போதுமா, செயினையும் மாற்ற வேண்டுமா என்பது திறந்தால்தான் தெரியும். பில் எத்தனை இருந்தாலும் எஞ்சினின் உள்தேய்மானத்தைச் சொல்லாது. அதற்குக் காலையில் போய், முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல். எஞ்சின் சூடாகி, முறுக்கும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்படியென்றால் இந்தப் பைக்கும் வேண்டாம்.

ஆசிரியரின் பைக்கில் புகை வரவில்லை. சத்தம் மட்டும் அவர் எழுதியபடியே கேட்டு, எஞ்சின் சூடானதும் அடங்கியது. டைமிங் செயின் வேலைக்கு மெக்கானிக் சொல்லும் தொகையில் பாதியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டு, பணம் கொடுக்கும் அன்றே பெயர் மாற்றும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இதைத்தான் எடுப்பேன்.