கணக்கில் பணம் இருந்தும் யுபிஐ போகாதபோது: இரண்டாவது கணக்கா, ஐஎம்பிஎஸ்ஸா, கார்டா?

தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய வாரம் ஒரே நாளில் மூன்று பேருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டியிருந்தது. காலை பத்தரைக்கு மண்டபக்காரருக்கு ₹65,000, மதியம் மேடை அலங்காரத்துக்கு ₹18,000. நாலு மணிக்குச் சமையல் கான்ட்ராக்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவருக்கு ₹40,000 அனுப்பினால் போகவில்லை. கணக்கில் ₹2,10,000 இருந்தது. நெட்வொர்க் என்று நினைத்து மாடிக்குப் போய் முயன்றேன், வேறு செயலியில் முயன்றேன், போனை அணைத்துப் போட்டேன். அவர் பாவம், "நாளைக்குக் கொடுங்க தம்பி, பரவாயில்லை" என்றார். ஆனால் அன்று அட்வான்ஸ் கொடுத்தால்தான் தேதி நமக்கு, வேறொருவர் அதே நாளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நடந்தது எளிய கணக்கு. யுபிஐயில் தனிநபருக்குத் தனிநபர் அனுப்பும் பணத்துக்கு ஒரு நாளைக்கு ₹1 லட்சம்தான். காலையிலும் மதியமும் சேர்த்து ₹83,000 போய்விட்டது, மிச்சம் ₹17,000. வேறு செயலிக்கு மாறியதால் பயனில்லை, ஏனென்றால் இந்த வரம்பைக் கணக்குப் பார்ப்பது செயலி இல்லை, வங்கி. ஒரே வங்கிக் கணக்கை நான்கு செயலிகளில் இணைத்திருந்தாலும் நான்குக்கும் சேர்த்து ஒரே ஒரு லட்சம். மண்டபத்துக்குக் கொடுத்ததும் வணிகக் கணக்குக்குப் போகவில்லை, மேலாளரின் சொந்த நம்பருக்குப் போனது, அதனால் அதுவும் தனிநபர் வரம்பிலேயே ஏறியிருந்தது.

இது வரம்புப் பிரச்சினைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பரிவர்த்தனை விவரத்துக்குள் போய்ப் பார்த்தால் சில செயலிகள் குறியீட்டையும் காட்டும். Z9 என்றால் உண்மையிலேயே பணம் போதவில்லை. Z8 என்றால் தொகை வங்கி வைத்த வரம்பைத் தாண்டிவிட்டது, Z7 என்றால் எத்தனை முறை அனுப்பலாம் என்ற எண்ணிக்கை முடிந்துவிட்டது. குறியீடு தெரியாவிட்டால் ₹100 அனுப்பிப் பாருங்கள். அது போய், பெரிய தொகை மட்டும் போகவில்லை என்றால் பெரும்பாலும் தொகை வரம்புதான். நூறு ரூபாயும் போகவில்லை என்றால் எண்ணிக்கை முடிந்திருக்கலாம், அல்லது வங்கி சர்வரே படுத்திருக்கலாம். எனக்கு ₹17,000 உடனே போனது, அப்போதுதான் விஷயம் புரிந்தது. மீதி ₹23,000-க்கு அலைந்த அலைச்சலில்தான் இந்த ஒப்பீடே பிறந்தது.

சீக்கிரம் சொல்லிவிடக்கூடியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். யுபிஐ லைட் சில்லறைச் செலவுக்கானது, ஒரு முறைக்கு ₹1,000, உள்ளே வைக்கக்கூடியதே ₹5,000, ஆகவே இதற்கு உதவாது. டெபிட் கார்டுக்கு யுபிஐயோடு சம்பந்தமில்லாத தனி தினசரி வரம்பு உண்டு, அதை வங்கிச் செயலியில் நாமே கூட்டிக்கொள்ளலாம். கடையில் ஸ்வைப் மெஷின் இருந்தால் இதைவிடச் சுலபம் எதுவும் இல்லை. ஆனால் சமையல்காரரிடமும் பந்தல்காரரிடமும் மெஷின் ஏது? ஏடிஎம்மில் எடுத்துக் கொடுக்கலாம் என்றால், என் கார்டில் ஒரு நாளைக்கு ₹20,000 வரைதான் எடுக்க முடியும், அதுவும் போதவில்லை. நள்ளிரவு வரை காத்திருக்கலாம் என்பார்கள். என் வங்கியில் அதுவும் நடக்கவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இன்னொருவருக்கு ₹25,000 அனுப்பியபோதும் மறுத்தது, பதினொன்றுக்குப் போனது. அதாவது, முந்தைய நாள் பத்தரைக்கு அனுப்பிய ₹65,000-லிருந்து 24 மணி நேரம் ஆகும் வரை அதைக் கணக்கில் வைத்திருந்தார்கள். என்னுடைய இன்னொரு வங்கியில் பன்னிரண்டு அடித்ததும் புதிதாகத் தொடங்குகிறது. நான் பார்த்தது இந்த இரண்டு வங்கிகளில் மட்டும்தான், உங்களுடையது எப்படி என்று ஒரு முறை சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உண்மையான போட்டி இரண்டுக்குத்தான்: வங்கிச் செயலி வழியாக ஐஎம்பிஎஸ், அல்லது யுபிஐயில் இரண்டாவது வங்கிக் கணக்கு.

காகிதத்தில் பார்த்தால் ஐஎம்பிஎஸ் ஜெயிக்க வேண்டும். ஒரு முறைக்கு ₹5 லட்சம் வரை போகும், இரவு பகல் பார்க்காது, பணம் உடனே சேரும், யுபிஐயின் ஒரு லட்சத்தில் இது சேராது. நானும் அன்று இதைத்தான் முதலில் பிடித்தேன். சமையல்காரரின் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி எல்லாம் பாஸ்புக்கைப் பார்த்து அடித்து, அவரைப் பெனிஃபிஷியரியாகச் சேர்த்து, ஓடிபியும் போட்டேன். "சேர்க்கப்பட்டார்" என்று வந்ததும் நிம்மதியாக ₹23,000 போட்டேன், மறுத்துவிட்டது. புதிதாகச் சேர்த்தவருக்கு முதல் 24 மணி நேரத்தில் ₹10,000 மட்டும்தான் என்பது என் வங்கியின் விதி. வங்கிக்கு வங்கி இந்த நேரமும் தொகையும் மாறும், சிலவற்றில் முதல் சில மணி நேரம் ஒரு ரூபாய்கூட அனுப்ப முடியாது. நம் கணக்கைத் திருடியவன் தன் பெயரைச் சேர்த்து மொத்தத்தையும் வழித்துப் போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு, அதில் எனக்குக் குறையில்லை. கடைசியில் ₹10,000 ஐஎம்பிஎஸ்ஸில் அனுப்பி, ₹13,000 ஏடிஎம்மில் எடுத்து வந்து கையில் கொடுத்தேன். ஒரு அட்வான்ஸ், மூன்று துண்டு.

என் முடிவை இந்தக் காத்திருப்பு நேரம்தான் தீர்மானித்தது. யுபிஐயில் புதிதாகப் பதிவு செய்தாலும், போனையோ சிம்மையோ மாற்றினாலும், முதல் 24 மணி நேரத்துக்குப் பெரும்பாலும் ₹5,000 தான் அனுப்ப முடியும். அதனால் அவசரம் வந்த அன்று இரண்டாவது கணக்கை இணைத்துப் பயன் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள், நான் அன்று மாலை இணைத்தபோது எனக்கும் அப்படித்தான் ஆனது. ஆனால் இந்தக் காத்திருப்பு ஒரே ஒரு முறைதான். அது கழிந்துவிட்டால் அதன் பிறகு யாருடைய நம்பருக்கும், எந்த க்யூஆருக்கும், முன்பின் தெரியாதவருக்கும் உடனே போகும். ஐஎம்பிஎஸ்ஸில் அப்படியில்லை, ஒவ்வொரு புது ஆளுக்கும் அந்தக் காத்திருப்பு திரும்ப வரும். வரம்பில் முட்டும் நாட்களை யோசித்துப் பாருங்கள். கல்யாணம், வீடு மாறுவது, பழைய வண்டி வாங்குவது, இப்படி எல்லாமே முதல் முறை பணம் கொடுக்கும் ஆட்கள்தான். வாடகை வீட்டுக்காரர் மாதிரி பழகியவருக்கு அனுப்பும்போது நான் ஒரு நாளும் வரம்பில் முட்டியதில்லை.

இரண்டாவது கணக்கில் ஒரு குறை இருக்கிறது, பணம் அங்கே இருக்க வேண்டும். சம்பளம் முதல் கணக்கில் விழுகிறது, இரண்டாவதில் சும்மா ஒரு லட்சம் போட்டு வைக்க யாரால் முடியும்? அவசரத்தில் முதல் கணக்கிலிருந்து இரண்டாவதுக்கு யுபிஐயிலேயே மாற்றினால், நம் பணத்தை நமக்கே அனுப்பினாலும் அதுவும் முதல் கணக்கின் ஒரு லட்சத்தில் ஏறும். வரம்பு முடிந்த பிறகு அந்த வழியும் அடைபட்டிருக்கும்.

அதனால் நான் செய்து வைத்திருப்பது இது. முதல் வங்கியின் செயலியில் என் இரண்டாவது கணக்கையே பெனிஃபிஷியரியாகச் சேர்த்துவிட்டேன். காத்திருப்பெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது முட்டினால், தேவையான தொகையை ஐஎம்பிஎஸ்ஸில் என் இரண்டாவது கணக்குக்கு மாற்றுகிறேன், அங்கிருந்து யுபிஐயில் புது ஆளுக்கு அனுப்புகிறேன். பந்தல்காரருக்கு மீதி கொடுத்த அன்று இப்படித்தான் செய்தேன், ₹60,000 மாற்றி அனுப்பி முடிக்க இரண்டு மூன்று நிமிடம்தான் ஆனது. ஐஎம்பிஎஸ்ஸுக்குச் சில வங்கிகள் சில ரூபாய் கட்டணம் பிடிக்கும். அது வேண்டாமென்றால் ஆன்லைன் என்இஎஃப்டி சேமிப்புக் கணக்குக்கு இலவசம், ஆனால் அரை மணிக்கு ஒரு முறை தொகுப்பாகப் போவதால் எதிரில் ஆள் காத்திருக்கும்போது ஒத்துவராது.

இதில் பராமரிப்பு கொஞ்சம் உண்டு. இரண்டு வங்கியிலும் ஒரே மொபைல் நம்பர் இருக்க வேண்டும், அதுவும் போனில் இருக்கும் சிம்மாக இருக்க வேண்டும். இரண்டாவது கணக்கைக் குறைந்தபட்ச இருப்பு கேட்காத வகையில் தொடங்குவது நல்லது, இல்லாவிட்டால் அபராதம் மெல்ல அரித்துவிடும். முக்கியமாக, அதைத் தூங்கவிடக் கூடாது. ஒரு வருடம் எந்தப் பரிவர்த்தனையும் இல்லாத யுபிஐ ஐடியை முடக்கச் சொல்லி, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2023-இல் உத்தரவிட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் நாம் எதுவும் செய்யாத கணக்கை வங்கியே செயலற்றதாக்கிவிடும். நான் மாதம் ஒரு முறை பால்காரருக்கு அந்தக் கணக்கிலிருந்து கொடுக்கிறேன், பின் நம்பரும் மறக்காமல் இருக்கிறது. இன்னொன்று, சில செயலிகள் தங்கள் பக்கத்திலும் ஒரு தினசரிக் கூட்டல் வைத்திருக்கின்றன, அதில் இரண்டு வங்கியும் சேர்ந்து ஏறலாம். எனக்கு அப்படி முட்டியதில்லை, இருந்தாலும் இரண்டாவது கணக்கை வேறொரு செயலியில் வைத்திருக்கிறேன்.

யாருக்கு நேரடி ஐஎம்பிஎஸ் பொருந்தும் என்றால், தொகை ஒரு லட்சத்துக்கு மேல், ஆளும் முன்பே தெரியும் என்கிறவர்களுக்கு. மனை அட்வான்ஸ் மூன்று லட்சம் கொடுக்க இரண்டாவது கணக்கும் போதாது, முந்தைய நாளே பெனிஃபிஷியரியைச் சேர்த்து அனுப்புவதுதான் சரி. மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் கட்டுவதானால் இந்தக் கவலையே பெரும்பாலும் வராது, அவர்களின் வணிகக் கணக்குக்கு யுபிஐயிலேயே ₹5 லட்சம் வரை அனுமதி உண்டு. ஆனால் வங்கி தன் பக்கத்தில் குறைத்து வைத்திருக்கலாம், நீங்களே எப்போதோ செயலியில் வரம்பைக் குறைத்து வைத்திருக்கவும் கூடும், போவதற்கு முன் வங்கிச் செயலியில் யுபிஐ வரம்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அப்புறம் கவுண்டரில் காட்டுவது நிறுவனத்தின் பெயர் வரும் க்யூஆரா, யாரோ ஒருவரின் சொந்த நம்பரா என்பதையும் கவனியுங்கள், சொந்த நம்பர் என்றால் அங்கேயும் ஒரு லட்சம்தான்.